கேற்றடியில் என்ன கதைப்பது?

"எங்கட ஒழுங்கைக்குப் புதுசா ஒரு குடும்பம் வந்திருக்கு. ஆறு வயசுப் பையன் ஒருத்தன். கதை வாறதில்ல. கையை உதறிக்கொண்டே நிப்பான். மீன்காரர் ஹோர்ன் அடிச்சா ரெண்டு காதையும் பொத்திக்கொண்டு உள்ளுக்க ஓடுவான். சூன்பாண் ஓட்டோவின்ட பாட்டு கேட்டா மட்டும் கேற்றடிக்கு ஓடி வருவான். தாயைப் பாக்க எனக்குப் பாவமாக் கிடந்தது. ஒருநாள் மதிலுக்கு மேலால கதைச்சு, எப்பயிருந்து இப்பிடி, டொக்டர் என்ன சொல்றார், போன் கூடக் குடுத்தீங்களோ எண்டெல்லாம் கேட்டன். அக்கறையிலதான் கேட்டன். அதுக்குப் பிறகு அந்தப் பிள்ளை என்னைக் கண்டா தலையைக் குனிஞ்சுகொண்டு போயிடுறா. இனி நான் என்னத்தைக் கதைக்கிறது? வாற மாதம் பேத்தியின்ட பிறந்தநாள். அவையைக் கூப்பிடலாமா? பேத்தி வேற, 'ஏன் அந்த அண்ணா கதைக்கிறேல்ல?' எண்டு சத்தமாக் கேக்கிறாள்."

— ஓய்வுபெற்ற தபால் ஊழியர், அன்புவழிபுரம், திருகோணமலை

அன்புள்ள அம்மா,

கடிதத்தில் என் கண்ணில் முதலில் பட்டது சூன்பாண் ஓட்டோதான். கதை வராதது, கையை உதறுவது, காதைப் பொத்துவது இந்த மூன்றையும் பஸ்ஸில் பக்கத்தில் இருக்கும் யாரும் ஐந்து நிமிடத்தில் கண்டுவிடுவார்கள். பாண்காரரின் பாட்டுக்கு அவன் ஓடி வருவது பக்கத்து வீட்டில் இருப்பவருக்கு மட்டும்தான் தெரியும். அந்தத் தாயிடம் கதைப்பதற்கு உங்களிடம் இருக்கிற நல்ல முதல் அதுதான். நீங்களோ அதை எனக்கு எழுதியிருக்கிறீர்கள், அவரிடம் சொல்லவில்லை.

நான் பேச்சுச் சிகிச்சையாளர். பையனுக்கு என்ன என்று ஒரு கடிதத்தை வைத்துச் சொல்ல மாட்டேன், நீங்களும் ஊகிக்க வேண்டாம். நீங்கள் எழுதியவை ஓட்டிசம் உள்ள பிள்ளைகளில் நான் அடிக்கடி காண்பவை என்பதால், பதிலை அந்தப் பக்கமாக எழுதுகிறேன். என் அறைக்கு வரும் தாய்மார் பிள்ளையைப் பற்றிச் சொல்வதில் பாதி, ஒழுங்கையிலும் பஸ்ஸிலும் கோயில் வீதியிலும் ஆட்கள் என்ன கேட்டார்கள் என்பதாகத்தான் இருக்கும்.

உங்கள் கேள்விகள் ஏன் அப்படிச் சுட்டன என்று முதலில் சொல்கிறேன். ஆறு வயதுப் பையனின் தாய் என்றால், இதே கேள்விகளுக்கு அவர் ஏற்கெனவே பலரிடம் பதில் சொல்லி முடித்திருப்பார். குடும்பநல மாது, பிள்ளை வைத்தியர், மனநல வைத்தியர், பிறகு என்னைப் போல ஒருவர். எந்த மாதத்தில் இருந்தான், எப்போது நடந்தான், முதல் சொல் எப்போது வந்தது, வந்த சொல் பிறகு நின்றுபோனதா, வயிற்றில் இருக்கும்போது உங்களுக்கு வருத்தம் ஏதும் வந்ததா, பிறந்ததும் அழுதானா என்று நாங்கள் கேட்போம். அந்தப் பதில்களை வைத்துத்தான் அடுத்த வேலையைத் தீர்மானிக்கிறோம். கதவைச் சாத்திவிட்டுத்தான் கேட்போம். அப்படியிருந்தும் சில தாய்மார் நடுவில் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். மதிலுக்கு மேலால் அதே கேள்விகள் வரும்போது அவர் மறுபடியும் அந்த அறைக்குள் போய்விடுகிறார். இம்முறை சாத்துவதற்குக் கதவும் இல்லை.

அதிலும் 'எப்பயிருந்து இப்பிடி?' என்பது கொஞ்சம் பொல்லாத கேள்வி. ஓட்டிசம் உள்ள பிள்ளைகளில் ஒரு பகுதியினர் ஒரு வயதுக்குப் பிறகு 'அம்மா', 'பால்', 'வா' என்று சில சொற்கள் சொல்லத் தொடங்கி, இரண்டு வயதை எட்டுவதற்குள் அந்தச் சொற்களை இழந்துவிடுகிறார்கள். உங்கள் பக்கத்து வீட்டுப் பையன் அப்படியா என்று எனக்குத் தெரியாது. அப்படி இருந்தால், நீங்கள் கேட்டது ஒரு திகதியை மட்டுமல்ல. 'அம்மா' என்ற சொல் கடைசியாகக் காதில் விழுந்த நாளை அவர் உங்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியிருந்திருக்கும்.

போன் கேள்விக்கு வேறொரு முள். தாயின் பிழையால் பிள்ளைக்கு இப்படி வந்தது என்ற கதைக்கு வயது அதிகம். 1943இல் லியோ கனர் என்ற வைத்தியர் அமெரிக்காவில் ஓட்டிசத்தை முதன்முதலாக விரிவாக எழுதியபோதே, பெற்றோரின் ஒட்டாத சுபாவத்தையும் குறிப்பிட்டு வைத்தார். அதைப் பிடித்துக்கொண்டு புரூனோ பெட்டல்ஹைம் போன்றவர்கள் 1960களில் தாயின் அன்புக் குறைவுதான் காரணம் என்று பரப்பினார்கள். ஓட்டிசம் உள்ள மகனின் தகப்பனும் உளவியலாளருமான பேர்னார்ட் றிம்லண்ட் 1964இலேயே, இது மூளை வளர்ச்சியோடு சம்பந்தப்பட்டது, வளர்ப்போடு சம்பந்தப்பட்டது இல்லை என்று எழுதிவிட்டார். இன்றைக்கு மரபணுக்களின் பங்கே பெரிது என்று தெரியும். தடுப்பூசியால் வருகிறது என்று 1998இல் வந்த கட்டுரையை, அதை வெளியிட்ட மருத்துவ இதழே 2010இல் திரும்பப் பெற்றது. போனை நெடுநேரம் பார்ப்பது எந்தச் சின்னப் பிள்ளையின் கதைக்கும் நல்லதில்லை, அது வேறு விஷயம். போன் கொடுத்து ஓட்டிசம் வருவதில்லை. ஆனால் அந்தக் கேள்வி ஒரு தாயின் காதில் விழும்போது, 'நீ என்ன செய்தாய்?' என்றுதான் விழும். மாமியார் கேட்டிருப்பார், சில வீடுகளில் கணவனும் கேட்டிருப்பார். இப்போது பக்கத்து வீடும்.

கேள்விகளைப் போலவே, ஆறுதல் வார்த்தைகளிலும் சிலவற்றைத் தவிர்த்துவிடுங்கள். 'எங்கட அண்ணன்ட மகனும் நாலு வயசுக்குப் பிறகுதான் கதைச்சவன், இவனும் கதைப்பான்' என்பது ஒன்று. இது அவர் பட்ட பாட்டையெல்லாம் வீண் பதற்றம் ஆக்கிவிடுகிறது. பையன் இனியும் கதைக்காவிட்டால் அடுத்த வருடம் உங்கள் முகத்தில் முழிக்கவும் அவருக்குக் கூச்சமாக இருக்கும். 'நானெண்டா தாங்க மாட்டன், நீங்கள் பெரிய ஆள்' என்பது மற்றொன்று. கேட்கப் புகழ்ச்சி போல இருந்தாலும், உங்கள் வாழ்க்கை எனக்கு வந்தால் நான் செத்துப்போவேன் என்றுதான் அதன் அடியில் இருக்கிறது. நேர்த்திக்கடன், கன்னியாய்ப் பக்கம் இருக்கிற யாரோ பரியாரி, இந்தியாவில் ஒரு டொக்டர் என்று அவர் கேட்காமலே வழி சொல்வதும் அதே வகைதான். அவருடைய போனில் அப்படிப்பட்ட வழிகள் ஏற்கெனவே நிறைய வந்து கிடக்கும். ஒவ்வொன்றுக்கும் 'ஓம் ஓம், பாப்பம்' என்று சொல்லிக் களைத்தவர் அவர்.

இனி நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். என் பதில் சின்னது. கேட்காதீர்கள், சொல்லுங்கள். பையனைப் பற்றி நீங்கள் கண்ட ஒன்றை, கண்டது கண்டபடி சொல்லுங்கள். கேள்வி என்று ஒன்று வந்தால் அவர் ஏதோ ஒரு பதிலைக் கண்டுபிடித்தே ஆக வேண்டும். நீங்கள் கண்டதைச் சொன்னால், பதில் சொல்வதும் சிரித்துவிட்டுப் போவதும் அவர் விருப்பம். 'என்ன பிள்ளை, பாண்காரர் இண்டைக்குப் பிந்திட்டார் போல. தம்பி கேற்றைப் பிடிச்சுக்கொண்டு ரோட்டைப் பாத்துக்கொண்டு நிண்டதைக் கண்டன்.' இவ்வளவு போதும். இதில் பரிதாபம் இல்லை, விசாரணை இல்லை. தன் மகனை ஒருவர் வருத்தமாகப் பார்க்காமல், பாணுக்குக் காத்து நிற்கிற ஒரு சின்னப் பையனாகப் பார்த்திருக்கிறார் என்பது மட்டும் அவருக்குக் கேட்கும். அவர் 'ஓம் அன்ரி' என்றுவிட்டு உள்ளே போகலாம். போகட்டும். அல்லது, 'அந்தப் பாட்டு எண்டா அவனுக்கு உயிர் அன்ரி, போன்லயும் அதையே போடச் சொல்லுவான்' என்று சொல்லலாம். கதைக்காத பையன் எப்படிச் 'சொல்லுவான்' என்று அந்த இடத்தில் கேட்டு வைக்காதீர்கள். கையைப் பிடித்து இழுப்பான், படம் காட்டுவான், சத்தம் போடுவான். தாய்க்கு அதெல்லாம் கதைதான். 'அப்ப நல்ல காது தம்பிக்கு' என்று சொல்லிவிட்டு, உங்கள் வேலையைப் பார்க்க நீங்கள் போய்விடலாம். கதையை நீங்களே முடித்துவிட்டுப் போவது முதல் சில முறைகளில் முக்கியம். தன்னைப் பிடித்து வைத்து விசாரிக்க மாட்டீர்கள் என்று தெரிந்தால்தான் அடுத்த முறை அவர் கேற்றடியில் நிற்பார்.

இதை நன்றாகச் செய்கிற ஒருவரை எனக்குத் தெரியும். டச்பே கடற்கரையில் பின்னேரங்களில் கடலை விற்கிறவர். என்னிடம் வரும் ஒரு பையனைப் பெற்றோர் அங்கே கூட்டிப்போவார்கள். அவனுக்குக் கடலையை விடக் கடலை சுற்றும் கடதாசியில்தான் ஆசை. முதலில் வெறும் சுருளைக் கையில் வாங்கி, உள்ளே எட்டிப் பார்த்து, விரலால் அடியைத் தட்டிப் பார்த்த பிறகுதான் கடலை போட விடுவான். முதலில் கடலையைப் போட்டுக் கொடுத்தால் எல்லாவற்றையும் மணலில் கொட்டிவிடுவான். கடலைக்காரர் இரண்டொரு தடவை கவனித்திருக்கிறார். அதற்குப் பிறகு அவன் வந்தால், பேசாமல் ஒரு சுருளைச் சுற்றி வெறுமையாக நீட்டுவார். அவன் பார்த்து முடியும் வரை அடுத்த ஆளுக்குக் கட்டிக்கொண்டு நிற்பார். பிறகு, 'செக்கிங் முடிஞ்சுதோ மாஸ்டர்?' என்பார். பையனுக்கு என்ன என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லையாம். கடற்கரையில் தாங்கள் நிம்மதியாக நிற்கிற இடம் அந்த வண்டியடிதான் என்று அந்தத் தாய் என்னிடம் சொன்னார்.

இன்னொன்று. நீங்கள் எழுதியதில் பையனின் பெயர் இல்லை. கடிதத்தில் வெளிவரக் கூடாது என்று விட்டிருந்தால் நல்லது. தெரியாததால் விட்டிருந்தால், நீங்கள் கேட்கக்கூடிய ஒரே கேள்வி அதுதான். எந்தப் பிள்ளையைக் கண்டாலும் நாம் முதலில் கேட்பது பெயரை. இப்படிப்பட்ட பிள்ளை என்றால் மட்டும் அதைத் தாண்டி நேரே நோய்க்குப் போய்விடுகிறோம். 'தம்பியின்ட பேர் என்ன?' என்று கேளுங்கள். அதற்குப் பிறகு தாயோடு கதைக்கும்போது 'உங்கட மகன்', 'பிள்ளை' என்பதை விட்டு அந்தப் பெயரைச் சொல்லியே கதையுங்கள்.

அவனோடும் கதையுங்கள். கதை வராத பிள்ளைக்கு விளங்காது என்று நினைப்பதுதான் ஆட்கள் அதிகம் விடும் பிழை. சொல்வதை விடப் பல மடங்கு விளங்கிக்கொள்ளும் பிள்ளைகளை நான் தினமும் காண்கிறேன். எனவே அவன் தலைக்கு மேலால் தாயிடம் அவனைப் பற்றிக் கதைக்க வேண்டாம், அவனுக்கும் கேட்கும். முன்னால் போய்க் குனிந்து முகத்தைப் பார்ப்பதை விடப் பக்கத்தில் நின்று, அவன் பார்ப்பதை நீங்களும் பாருங்கள். 'பாண் வருது' என்று இரண்டு சொல்லில் சொல்லுங்கள். சொல்லிவிட்டு மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள். எங்கள் வேலையில் பெற்றோருக்கு நாங்கள் பழக்கும் முதல் விஷயங்களில் ஒன்று இது. கேட்டதை உள்ளே வாங்கிப் பதிலைத் தயார்செய்ய இந்தப் பிள்ளைகளில் பலருக்குக் கூட நேரம் வேண்டும். நாமோ இரண்டு நொடியில் பதில் இல்லையென்றால் மறுபடியும், வேறு சொல்லில், இன்னும் சத்தமாகக் கேட்கிறோம். அவன் தொடக்கத்திலிருந்து திரும்ப விளங்கிக்கொள்ள வேண்டியதாகிவிடுகிறது.

பதில் எப்படி வரும் என்று நினைக்கிறீர்கள்? உங்களைப் பார்க்காமலே வரலாம். உங்கள் பக்கம் ஓர் அடி நகர்ந்து நிற்பதாக இருக்கலாம். நீங்கள் சொன்ன 'பாண் வருது'வை அப்படியே கிளிப்பிள்ளை மாதிரித் திருப்பிச் சொல்லக்கூடும். பலர் அதைச் சும்மா சொல்வதாக நினைப்பார்கள். பல தடவைகளில் அது 'ஓம்' என்பதற்குச் சமம். கையை உதறுவது பெரும்பாலும் சந்தோசத்தாலோ பதற்றத்தாலோ வருவது, அதைப் பிடித்து நிறுத்த வேண்டாம். கன்னத்தைக் கிள்ளுவது, தலையைத் தடவுவது எல்லாம் இப்போதைக்கு வேண்டாம். தொடுகை சில பிள்ளைகளுக்கு நமக்கு இருப்பது போல இருப்பதில்லை. தின்னக் கொடுப்பதென்றால் தாயிடம் தனியாகக் கேட்டுவிட்டுக் கொடுங்கள். பல பிள்ளைகள் குறிப்பிட்ட நாலைந்து சாப்பாட்டைத் தவிர வேறு தொட மாட்டார்கள். நீங்கள் ஆசையாக நீட்டிய பலகாரத்தைத் தட்டிவிட்டால் வெட்கப்படப்போவது தாய்.

நடந்ததற்கு மன்னிப்புக் கேட்பதா என்றால், ஒருமுறை கேளுங்கள், ஒரு வரியில் கேளுங்கள். 'அண்டைக்கு நான் தேவையில்லாததெல்லாம் கேட்டுப்போட்டன் பிள்ளை, மனசில வைக்காதேங்கோ.' அதோடு வேறு கதைக்குப் போய்விடுங்கள். இன்றைக்குக் குழாயில் தண்ணீர் வந்ததா, மீன் என்ன விலை, எதுவும் பரவாயில்லை. நீங்கள் கண்கலங்கி, 'எனக்கு நித்திரையே வரேல்ல' என்று தொடங்கினால், உங்களை ஆறுதல்படுத்தும் வேலையும் அவர் தலையில் விழும். அவரிடம் அதற்கு மிச்சம் இருக்காது.

பையனைப் பற்றியே கதைக்க வேண்டும் என்றும் இல்லை. அவர் முன்பு என்ன வேலை செய்தவர், எந்த ஊர், தைப்பாரா, பூக்கன்று வைப்பாரா? அவரும் ஒரு ஆள்தானே. என்னிடம் வரும் ஒரு தாய் நன்றாகப் பாடுவார் என்பது எனக்கே நெடுநாள் தெரியாது. அவருடைய ஒழுங்கையில் யாருக்கும் தெரியாது. எல்லாரும் அவரிடம் மகனைத்தான் விசாரித்திருக்கிறார்கள். வீட்டில் மூத்த பிள்ளை ஒன்று இருந்தால் அதையும் மறந்துவிடாதீர்கள். வருகிறவர்கள் எல்லாம் தம்பியை மட்டும் கேட்டுவிட்டுப் போனால் அந்தப் பிள்ளைக்கு எப்படி இருக்கும்?

ஒருநாள் அவராகவே வாய் திறக்கக்கூடும். வைத்தியர் சொன்னது, பாடசாலையில் சேர்க்க அலைந்தது, இரவு நித்திரை இல்லாதது. அப்போது கேள்வி கேட்கலாமா? அவர் சொன்னதற்கு உள்ளேயே நின்று கேட்கலாம். 'விசேட அலகு இருக்கிற பள்ளிக்கூடத்துக்குப் போய்ப் பாத்தனாங்கள்' என்றால், 'அங்க எப்பிடிக் கிடந்தது?' என்று கேளுங்கள். அவர் தொடாத ஒன்றை, 'அப்ப இனிமேல் பிள்ளை பெறுறேல்லயோ?' என்பது போல, நீங்கள் தொட வேண்டாம். சிரிக்காதீர்கள், இந்தக் கேள்வியை இதே ஊரில் ஒரு கலியாண வீட்டுப் பந்தியில் வைத்து ஒருவர் கேட்டிருக்கிறார். அவர் சொன்னது உங்களோடு நிற்க வேண்டும். மகளிடம் கூடச் சொல்லாதீர்கள். மாறாக, அவர் ஒருநாளும் வாய் திறக்காமலே போகலாம். சிலருக்கு ஒழுங்கையில் இதைப் பற்றிக் கதைக்காமல் இருப்பதுதான் ஓய்வு. அப்படியென்றால் பாண், மழை, தண்ணீர் என்றே காலம் போகட்டும், அதிலும் குறை ஒன்றும் இல்லை.

உதவி செய்ய விருப்பம் இருக்கிறது என்பது கடிதத்தில் தெரிகிறது. 'ஏதும் வேணுமெண்டா கேளுங்கோ' என்று பொதுவாகச் சொன்னால் அவர் கேட்கப் போவதில்லை. இந்தப் பிள்ளைக்கு நீங்கள் செய்யக்கூடிய பெரிய உதவி ஒன்று உங்களிடமே இருக்கிறது. உங்களுக்கு ஒழுங்கையின் சங்கதி எல்லாம் முன்கூட்டியே தெரியும், அவர் புதிது. சில பிள்ளைகளுக்குச் சில சத்தங்கள் உண்மையிலேயே வலி. அதுவும் சொல்லாமல் கொள்ளாமல் வந்தால் இன்னும் மோசம். சிவராத்திரி முடிந்து கோணேசர் நகர்வலம் வரும் நாட்களில், சுவாமி எந்த வீதியால் எத்தனை மணிக்கு வருகிறார், எவ்விடத்தில் வெடி கொளுத்துவார்கள் என்று உங்களுக்குத் தெரியும். 'ஏழு மணி போல மேளம் கிட்ட வந்திடும் பிள்ளை, முன்னுக்கே சொல்லி வைக்கிறன்' என்றால், அவர் மகனுக்குப் படம் காட்டிச் சொல்லி வைக்கலாம், காது மூடியை எடுத்து வைக்கலாம், அல்லது அந்த நேரம் பின் அறையில் இருக்கலாம். கும்பம் வைத்து வரவேற்க அவர் வாசலில் நிற்காவிட்டால் யாரும் குறை சொல்லாமல் பார்த்துக்கொள்வதும் உங்கள் கையில். பக்கத்தில் எங்காவது ஸ்பீக்கர் கட்டப்போகிறார்கள் என்றாலும் இப்படியே சொல்லி வைக்கலாம்.

ஒருநாள் ஒழுங்கையில் அவன் விழுந்து புரண்டு கத்தவும் கூடும். அடம் பிடிக்கிற பிள்ளை நடுவில் ஒரு கண்ணால் நீங்கள் பார்க்கிறீர்களா என்று பார்க்கும், கேட்டது கிடைத்தால் நின்றுவிடும். இது அப்படி இருக்காது. எதைக் கொடுத்தாலும் நிற்காது, தாங்க முடியாத அளவு ஏறிவிட்டது இறங்கும் வரை ஓடும். அந்த நேரம் ஓடிப்போய்த் தூக்க வேண்டாம், 'என்ன, என்ன?' என்று சுற்றி நிற்கவும் வேண்டாம். கொஞ்சம் தள்ளி நின்று தாயிடம் மட்டும், 'நான் ரோட்டுப் பக்கம் பாத்துக்கொள்றன்' என்று சொல்லிவிட்டு, வரும் மோட்டார்சைக்கிளை மெதுவாக வரச் சொல்லுங்கள். வேடிக்கை பார்க்கிறவர்களை அனுப்புங்கள். அடுத்த நாள் அதைப் பற்றிக் கேட்காதீர்கள்.

பேத்தியின் கேள்விக்கு வாயைப் பொத்தி இழுத்துக்கொண்டு போகாதீர்கள். அப்படிச் செய்தால், அந்த அண்ணாவைப் பற்றிக் கதைப்பது வெட்கம் என்று அவள் படித்துக்கொள்வாள். தாய்க்குக் கேட்கும் சத்தத்திலேயே சாதாரணமாகச் சொல்லுங்கள்: 'அண்ணாவுக்கு வாயால கதைக்கிறது கஷ்டம். வேற மாதிரிச் சொல்லுவார். நீ கையைக் காட்டு, பாப்பம்.' சின்னப் பிள்ளைக்கு இவ்வளவு போதும். அதற்கு மேல் கேட்டால், 'எனக்கும் தெரியாது, நாங்கள் பழகிப் பாப்பம்' என்று சொல்வதில் பிழை இல்லை. பெரியவர்கள் கேட்பதை விடப் பிள்ளைகள் கேட்பது இந்தத் தாய்மாருக்கு அவ்வளவு வலிப்பதில்லை என்பது என் அனுபவம். பிள்ளைகள் பதிலை வாங்கிக்கொண்டு விளையாடப் போய்விடுவார்கள்.

பிறந்தநாளுக்குக் கட்டாயம் கூப்பிடுங்கள். 'அவையளுக்குக் கஷ்டமா இருக்கும்' என்று நீங்களாகவே தீர்மானித்து விட்டுவிட்டால், ஒழுங்கையில் எல்லா வீட்டுக்கும் போன அழைப்பு தங்கள் வீட்டைத் தாண்டிப் போனதை அவர்கள் பார்த்துக்கொண்டிருப்பார்கள். கூப்பிடும்போது அவர் தீர்மானிக்கத் தேவையானதைச் சொல்லிவிடுங்கள். எத்தனை மணி, கிட்டத்தட்ட எத்தனை பேர், பாட்டுப் போடுவீர்களா, கேக் எப்போது வெட்டுவீர்கள். 'ஆக்கள் வர முதல் நாலு மணிக்கே வாங்கோ, தம்பி வீட்டைச் சுத்திப் பாக்கட்டும். நடு அறையைப் பூட்டாம வைக்கிறன், சத்தம் கூடினா அங்க போய் இருக்கலாம். எப்ப வேணுமெண்டாலும் எழும்பிப் போங்கோ, நான் ஒண்டும் நினைக்க மாட்டன்.' கேக் வெட்டும்போது எல்லாரும் சேர்ந்து கைதட்டிக் கத்துவது அவனுக்குக் கஷ்டமாக இருக்கலாம். அதற்கு ஒரு நிமிடம் முதல் தாய்க்குச் சைகை காட்டிவிட்டால் அவர் அவனை வெளியே கூட்டிப்போவார். பலூன் கட்டுவதென்றால் உயரத்தில் கட்டுங்கள், பிள்ளைகள் வெடிக்க எட்டாமல். அவர்கள் வந்து கால் மணி நேரத்தில் போனாலும் அது வந்ததுதான். வராவிட்டால், 'ஏன் வரேல்ல?' என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். கேக் ஒரு துண்டைக் கொடுத்தனுப்பி, அடுத்த வருடமும் கூப்பிடுங்கள்.

ஓட்டிசம் பற்றி உங்களுக்கு இன்னும் அறிய ஆசை இருக்கும், அது இயல்பு. அதைப் பிரதேசத்துச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் குடும்பநல மாதிடம் கேட்கலாம், எனக்கும் எழுதலாம். எத்தனை கேள்வி வேண்டுமானாலும் எழுதுங்கள், எங்களுக்கு அதுதான் வேலை.